“இப்போ பேசலாமா?” என்று ஹெச்.ஆர். கேட்டால் வேறு நேரம் கேட்பது எப்படி?

வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு ஒரு வாரம், பத்து நாள் எந்தச் சத்தமும் இருக்காது. அப்புறம் திடீரென்று ஒரு நாள் முற்பகல், நீங்கள் வேறு ஏதோ வேலையில் மூழ்கியிருக்கும்போது ஒரு வரி வந்து விழும்: “உங்கள் விண்ணப்பம் விஷயமாக இப்போது பேச முடியுமா?” முதல்முறை வேலை தேடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். வாய்ப்பு கைநழுவிவிடுமோ என்ற பதற்றத்தில் பேருந்தின் இரைச்சலுக்கு நடுவிலேயே “பேசலாம் சார்” என்கிறார்கள். அல்லது என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டே மாலைவரை பதில் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

இரண்டும் வேண்டாம். பதிலை உடனே அனுப்புங்கள், பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதை எப்படி எழுதுவது, எந்த நேரத்தைக் கேட்பது, கேட்ட பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம்.

அவர்களுடைய “இப்போது” எவ்வளவு அவசரம்?

ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர் உங்களை மட்டும் கூப்பிடுவதில்லை. அவர் முன்னால் ஒரு பட்டியல் இருக்கும். இரண்டு மீட்டிங்குக்கு நடுவே அரை மணி நேரம் கிடைத்திருக்கும். அதில் இரண்டு பேரைப் பேசி முடித்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அல்லது அந்தத் துறையின் மேலாளர், “இன்று சாயங்காலத்துக்குள் மூன்று பெயர் கொடுங்கள்” என்று கேட்டிருப்பார். ஆக, அவர் “இப்போது” என்று சொன்னாலும் பெரும்பாலும் “இன்றைக்குள்” அல்லது “நாளைக்குள்” என்பதுதான் பொருள். நான்கு மணி நேரம் தள்ளிப் பேசுவதால் அவருக்கு ஒன்றும் கெட்டுவிடாது. பதிலே வராமல் இருந்தால்தான் பட்டியலில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

இதனால்தான் நீங்கள் கேட்கும் நேரம் கிட்டத்தில் இருக்க வேண்டும். அதே நாளில் ஒன்று, மறுநாள் ஒன்று. “அடுத்த வாரம் பேசலாமா?” என்பது மரியாதையாக எழுதப்பட்ட மறுப்பாகவே படும்.

அப்படியென்றால் உடனே பேசிவிட்டால் என்ன நஷ்டம்? முதல் சுற்று அழைப்பு பொதுவாகப் பதினைந்து முதல் முப்பது நிமிடம் ஓடும். கேள்விகளும் கிட்டத்தட்ட தெரிந்தவைதான்: உங்களைப் பற்றிச் சொல்லுங்கள், இப்போதைய வேலையை ஏன் விடுகிறீர்கள், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள், நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள், வேறு ஊருக்கு மாற முடியுமா. இவற்றில் சம்பளக் கேள்விதான் தயாரில்லாதவரைக் கவிழ்ப்பது. வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லிவிட்டால் அது அவருடைய குறிப்பில் ஏறிவிடும். பிறகு நடக்கும் பேச்செல்லாம் அந்த எண்ணைச் சுற்றியேதான். அடுத்த சிக்கல், பல இடங்களுக்கு விண்ணப்பித்தவருக்கு இது எந்த வேலை என்றே நினைவுக்கு வராது. “எந்த கம்பெனி சொன்னீங்க?” என்று நீங்கள் கேட்கும் அந்த நொடியில் அவருடைய உற்சாகம் பாதியாகிவிடும்.

எழுதுவதற்கு முன் ஐந்து நிமிடம்

செய்தியைப் பார்த்ததும் முதலில் அது எந்த வேலை என்று கண்டுபிடியுங்கள். விண்ணப்பித்தபோது வந்த மெயிலைத் தேடினாலே போதும். பிறகு உங்கள் நாளைப் பாருங்கள். தேட வேண்டியது வெறும் ஓய்வு நேரத்தை மட்டுமல்ல: அமைதியான இடம், நல்ல சிக்னல், யாரும் குறுக்கிடாத நாற்பத்தைந்து நிமிடம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் நேரத்தை. இருபது நிமிட அழைப்புக்கு ஏன் நாற்பத்தைந்து என்றால், அவர் பத்து நிமிடம் தாமதமாக அழைக்கலாம், பேச்சும் நீளலாம். சரியாக முப்பது நிமிடத்தில் உங்களுக்கு வேறு வேலை இருந்தால், கடைசிப் பத்து நிமிடம் கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசுவீர்கள். அது குரலில் தெரியும்.

இன்றைய நேரத்தைக் கேட்கும்போது, பதில் அனுப்பும் நேரத்திலிருந்து குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது தள்ளிக் கேளுங்கள். அவர் உங்கள் பதிலைப் பார்க்க, சரி என்று சொல்ல, நீங்கள் தயாராக எல்லாவற்றுக்கும் அந்த இடைவெளி தேவை. அரை மணி நேரம் தள்ளிக் கேட்டால், அவர் பார்ப்பதற்குள்ளேயே அந்த நேரம் கடந்துபோயிருக்கும்.

பதிலில் என்னென்ன இருக்க வேண்டும்

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் கணக்கு உதவியாளர் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார். புதன்கிழமை காலை 11.40-க்கு அந்த ஒரு வரிச் செய்தி வருகிறது. அவர் இப்போதைய அலுவலகத்தில் இருக்கிறார். 12 மணிக்கு மீட்டிங். மாலை 4.30-க்கு மேல் வேலை குறைவு, வெளியே போய்ப் பேசவும் இடமுண்டு. 11.46-க்கு இப்படி எழுதுகிறார்:

> வணக்கம் மேடம். தொடர்புகொண்டதற்கு நன்றி. கணக்கு உதவியாளர் வேலை குறித்துப் பேச எனக்கு விருப்பம். இப்போது பேச வசதியான இடத்தில் இல்லை. இன்று (புதன், 14-ஆம் தேதி) மாலை 4.30 முதல் 5.15-க்குள், அல்லது நாளை (வியாழன், 15-ஆம் தேதி) காலை 9 முதல் 10-க்குள் பேசலாமா? விண்ணப்பத்தில் உள்ள எண்ணிலேயே அழைக்கலாம். சுமார் எவ்வளவு நேரம் தேவைப்படும் என்று சொன்னால் அதற்கேற்ப ஒதுக்கி வைக்கிறேன்.

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். விருப்பம் முதலில் வருகிறது. “இப்போது முடியாது” என்பது அதற்குப் பிறகு. வரிசையை மாற்றி, “மன்னிக்கவும், இப்போது பேச முடியாது” என்று தொடங்கினால், செய்தி வந்ததும் திரையில் தெரியும் முதல் வரியே மறுப்பாகிவிடும். பலர் அந்த முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள். வேலையின் பெயரைச் சொன்னதும் காரணத்தோடுதான். அவர் ஒரே நேரத்தில் நாலைந்து வேலைகளுக்கு ஆள் தேடிக்கொண்டிருக்கலாம். எதற்காக உங்களிடம் பேச நினைத்தார் என்பதை அவருக்கும் நினைவூட்டுகிறீர்கள்.

காரணம் ஒரே வரியில் முடிந்துவிட்டதைக் கவனியுங்கள். “பேச வசதியான இடத்தில் இல்லை” என்பது உண்மை, அதற்கு மேல் யாருக்கும் தேவையில்லை. “பாட்டிக்கு உடம்பு சரியில்லை” வகையறாக் கதைகள் வேண்டாம். “இப்போதைய அலுவலகத்தில் இருக்கிறேன், மேலாளர் பக்கத்தில் நிற்கிறார்” என்ற விவரமும் வேண்டாம். விளக்கம் நீள நீள, ஏதோ தப்பு செய்தவர் சமாளிப்பது போன்ற தொனி வந்துவிடுகிறது. எதிர்பாராமல் ஒருவர் கூப்பிட்டு அந்த நொடியில் நீங்கள் பேச முடியாமல் போனதில் தப்பு எதுவும் இல்லை. அதனால் மன்னிப்பும் தேவையில்லை; நன்றி போதும்.

நேரங்கள் இரண்டு. ஒன்றே ஒன்று கொடுத்தால் அவருக்கு ஒத்துவராமல் போகலாம். ஐந்து கொடுத்தால் அவர் யோசிக்க வேண்டிவரும், அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடுவார். “உங்களுக்கு எப்போது வசதியோ அப்போது” என்று எழுதுவது பணிவாகத் தோன்றும், ஆனால் வேலையை அவர் தலையில் கட்டுவது அது. போதாக்குறைக்கு அவருக்கு வசதியான நேரம் உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் இரண்டாவது முறையும் நீங்களே மறுக்க வேண்டும். முதல் மறுப்பு இயல்பானது, இரண்டாவது முறையில்தான் சந்தேகம் வரும்.

“இன்று”, “நாளை” என்பதோடு கிழமையும் தேதியும் சேர்த்ததற்கும் காரணம் உண்டு. உங்கள் செய்தியை அவர் மறுநாள் காலையில்தான் பார்க்கிறார் என்றால் “நாளை” என்பது எந்த நாள்? காலை, மாலை என்றும் தெளிவாக எழுதுங்கள். அவர் வேறு நாட்டில் இருந்தால் நேரத்துக்குப் பக்கத்தில் அது எந்த ஊர் நேரம் என்பதையும் போட வேண்டும். முடிந்தால் அவருடைய நேரத்துக்கு மாற்றியே எழுதுங்கள். பல நாடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள். சென்ற மாதம் நீங்கள் மனக்கணக்குப் போட்டுவைத்த வித்தியாசம் இந்த மாதம் பொருந்தாமல் போகலாம். ஃபோனில் உள்ள உலகக் கடிகாரத்தில் அந்த ஊரைச் சேர்த்துப் பார்த்துவிட்டு எழுதுவது பாதுகாப்பு.

எவ்வளவு நேரம் தேவைப்படும் என்ற கடைசிக் கேள்விதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது. பதில் “ஐந்து நிமிடம் போதும், ஒரு சின்ன விவரம் கேட்க வேண்டும்” என்று வந்தால், ஏதோ சான்றிதழ் தேதி மாதிரியான விஷயம் என்று புரிந்துவிடும். அதை உடனேயே பேசி முடிக்கலாம், அல்லது எழுத்திலேயே கேட்கச் சொல்லலாம். “இருபது, முப்பது நிமிடம்” என்றால் அது நேர்காணல், தயாராகத்தான் வேண்டும். “மேலாளரும் கலந்துகொள்வார், ஒரு மணி நேரம்” என்று வந்தால் இன்றைக்கு வேண்டாம், நாளைய நேரமே நல்லது என்று நீங்களும் முடிவெடுக்கலாம்.

எந்த வழியில் செய்தி வந்ததோ அதே வழியில் பதில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டவருக்கு மெயிலில் பதில் போட்டால் அவர் சாயங்காலம்தான் பார்ப்பார்.

செய்தி இல்லாமல் நேரடியாக அழைப்பே வந்துவிட்டால்

இது இன்னும் சங்கடம், ஏனென்றால் யோசிக்க நேரமே இல்லை. வேலை தேடும் காலத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால், எடுக்கக்கூடிய நிலையில் இருந்தால் எடுத்துவிடுவதே மேல். அலுவலகத் தொலைபேசியிலிருந்து வரும் அழைப்பாக இருந்தால், நீங்கள் பிறகு அதே எண்ணுக்கு அழைக்கும்போது பொது வரவேற்பில்தான் போய் விழும். உங்களை அழைத்தவர் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

எடுத்ததும் பேச வேண்டியது அரை நிமிடத்துக்குத்தான். “வணக்கம் சார், அழைத்ததற்கு நன்றி. நிச்சயம் பேச விரும்புகிறேன். இப்போது அமைதியான இடத்தில் இல்லை. இன்று நாலரை மணிக்கு, இல்லையென்றால் நாளை காலை ஒன்பது மணிக்கு அழைக்க முடியுமா?” அவ்வளவுதான். ஃபோனை வைப்பதற்கு முன் அவர் பெயர், நிறுவனம், எந்த வேலை என்ற மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். வைத்தவுடன் அதே எண்ணுக்கு, “பேசியபடி இன்று மாலை 4.30” என்று ஒரு செய்தி அனுப்புங்கள். வாயால் ஒத்துக்கொண்ட நேரத்தை அவர் எங்காவது குறித்துவைத்திருப்பார் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

இங்கே ஒரு பொறி உண்டு. சிலர், “சரி சரி, ஒரே ஒரு கேள்வி மட்டும்” என்று தொடங்குவார்கள். அந்த ஒன்று பெரும்பாலும் சம்பளம்தான். “அதை நாலரைக்குப் பேசும்போது விவரமாகச் சொல்கிறேன் சார்” என்று சிரித்த குரலில் சொல்லிவிடலாம். யாரும் கோபித்துக்கொள்வதில்லை. நோட்டீஸ் பீரியட் மாதிரி மாறாத விவரம் என்றால் உடனே சொல்லிவிடுவதில் தப்பில்லை.

எடுக்கவே முடியாத இடத்தில் இருந்தால், அழைப்பு அடிக்கும்போதே செய்தி அனுப்பும் வசதி ஃபோனில் இருக்கிறது. ஐஃபோனில் அதன் பெயர் Respond with Text. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் பலவற்றில் Quick responses. அதில் ஏற்கெனவே இருக்கும் வரிகள் மொட்டையாக இருக்கும். அமைப்புகளுக்குள் போய் ஒன்றை மாற்றி, “வணக்கம், இப்போது பேச முடியவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் நேரம் குறித்துச் செய்தி அனுப்புகிறேன்” என்று எழுதிவைத்துவிடலாம். இதற்கு ஒரு வரம்பு உண்டு: இது குறுஞ்செய்தியாகப் போவதால், தரைவழித் தொலைபேசியிலிருந்து வந்த அழைப்புக்குப் போய்ச் சேராது. அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடாமல், விண்ணப்ப மெயிலில் இருக்கும் முகவரிக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அவர் சரி என்ற பிறகு

நம் உதாரணத்தில் 12.20-க்குப் பதில் வருகிறது: “4.30 ஓகே. 20 நிமிடம் போதும்.” மீட்டிங் முடிந்ததும் இவர் ஒரு வரி போடுகிறார்: “நன்றி மேடம். இன்று மாலை 4.30-க்கு உங்கள் அழைப்புக்காகக் காத்திருக்கிறேன்.” இந்த வரி சும்மா மரியாதைக்கு இல்லை. யார் யாரை அழைப்பது என்பது இதில் முடிவாகிவிடுகிறது. இதைத் தெளிவாக்காமல் விட்டு, இரண்டு பக்கமும் மற்றவர் அழைப்பார் என்று காத்திருந்து நேரம் போவது நிறையவே நடக்கிறது. வீடியோ அழைப்பு என்றால் லிங்க் யார் அனுப்புவது என்பதையும் இதே இடத்தில் கேட்டுவிட வேண்டும்.

கிடைத்த நான்கு மணி நேரத்தில் முழுநேரமும் படிக்கத் தேவையில்லை. அரை மணி நேரம் போதும். வேலை விளம்பரத்தை எடுத்துப் படியுங்கள். சில நிறுவனங்கள் விண்ணப்பக் காலம் முடிந்ததும் விளம்பரத்தை எடுத்துவிடும். அதனால் விண்ணப்பிக்கும் அன்றே அந்தப் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமித்துவைக்கும் பழக்கம் இந்த மாதிரி நாளில் கைகொடுக்கும். எந்த ரெஸ்யூமேயை அனுப்பினீர்கள் என்று பார்த்து அதையே திறந்துவையுங்கள். நோட்டீஸ் பீரியடை நினைவிலிருந்து சொல்லாமல் பணி நியமனக் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு இரண்டு எண்களைத் தாளில் எழுதிவையுங்கள்: வாயால் சொல்லப்போகும் எண் ஒன்று, இதற்குக் கீழே போக மாட்டேன் என்று உங்களுக்கு மட்டும் தெரிந்த எண் இன்னொன்று. 4.20-க்கே பேசப்போகும் இடத்துக்குப் போய்விடுங்கள். அங்கே சிக்னல் இருக்கிறதா என்பதை ஒருவருக்கு அழைத்துப் பார்த்தே உறுதி செய்யுங்கள்.

“இல்லை, இப்போதே பேச வேண்டும்” என்றால்

எப்போதாவது அப்படியும் வரும். மேலாளர் வெளியூர் கிளம்புகிறார், இன்றே முடிவு என்பார்கள். உங்களால் எப்படியாவது ஒதுங்க முடியும் என்றால் பத்து நிமிடம் கேளுங்கள்: “பத்து நிமிடத்தில் நானே அழைக்கிறேன்.” ஒரு அமைதியான இடத்துக்கு நடந்துபோய், விளம்பரத்தை ஒரு பார்வை பார்க்க அது போதும். பேசத் தொடங்கும்போதே, “என்னிடம் இப்போது பதினைந்து நிமிடம் இருக்கிறது” என்று சொல்லிவிடுங்கள். சம்பளம் பற்றிக் கேட்டால் இன்று மாலைக்குள் எழுதி அனுப்புவதாகச் சொல்லுங்கள்.

ஆனால் அவசரம் எல்லாமே உண்மையான அவசரம் அல்ல. வேறு நேரம் கேட்டதும் “இப்போது இல்லையென்றால் வேலை போய்விடும்” என்று விரட்டுவது, நேர்காணலையே செய்திப் பரிமாற்றத்தில் முடித்துவிடுவது, பயிற்சிக்கென்றோ பதிவுக்கென்றோ பணம் கேட்பது, ஓ.டி.பி. எண்ணோ வங்கி விவரமோ கேட்பது ஆகியவை மோசடிக்காரர்களின் வழக்கமான வழிகள். பணமோ ஓ.டி.பி.யோ கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். மற்றபடி சந்தேகம் வந்தால், அவர் கொடுத்த எண்ணில் விசாரிக்காமல், நிறுவனத்தின் இணையதளத்தை நீங்களே தேடி, அதில் உள்ள எண்ணில் அழைத்து, இந்தப் பெயரில் ஒருவர் அங்கே வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். இந்த வகையில் பார்த்தால், வேறு நேரம் கேட்பதே ஒரு சோதனையாகவும் அமைகிறது: உண்மையான ஹெச்.ஆர். உங்கள் இரண்டு நேரங்களில் ஒன்றை எடுத்துக்கொள்வார், அல்லது மூன்றாவது ஒன்றைச் சொல்வார்.

செய்தியையே தாமதமாகப் பார்த்தால், அவர் அழைக்காமல் போனால்

காலை 11.40 செய்தியை மதியம் மூன்று மணிக்குத்தான் பார்த்தீர்கள் என்றால் வரைவு பெரிதாக மாறாது. “இப்போதுதான் பார்த்தேன்” என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து, இன்றைக்கு மிச்சமிருப்பதில் ஒரு நேரமும் நாளைக் காலையில் ஒன்றும் கொடுங்கள். மாலை ஏழு மணிக்கு மேல்தான் பார்த்தீர்கள் என்றால் இன்றைய நேரத்தை விட்டுவிட்டு, நாளை காலையில் ஒன்றும் மதியத்துக்கு மேல் ஒன்றும் கொடுக்கலாம். பதிலை மட்டும் மறுநாளுக்குத் தள்ள வேண்டாம்; இரவில் அனுப்பிவைத்தால் காலையில் அவர் முதலில் பார்ப்பவற்றில் அதுவும் இருக்கும்.

பதில் வராமலே நீங்கள் சொன்ன முதல் நேரம் கடந்துவிட்டால் பதறி அழைக்க வேண்டாம். இரண்டாவது நேரம் இன்னும் இருக்கிறது. அன்று மாலை ஒரு வரி போதும்: “நாளை காலை 9 முதல் 10 வரை நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன், வசதிப்பட்டால் அழைக்கலாம்.” அந்த ஒரு மணி நேரத்தை உண்மையாகவே காலியாக வைத்திருங்கள். பதில் போடாமலே சரியாக 9.05-க்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நேரம் உறுதியான பிறகும் அழைப்பு வரவில்லை என்றால் பத்து நிமிடம் பொறுங்கள். பிறகு, “4.30-க்குப் பேசுவதாக இருந்தது, நான் 5.15 வரை தயாராக இருக்கிறேன்” என்று எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் மறுநாள் காலையில் புதிதாக இரண்டு நேரங்களைக் கொடுத்து ஒரே ஒரு முறை கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு அங்கே எழுதுவதை விட்டுவிட்டு அடுத்த விண்ணப்பத்தைக் கவனிக்கலாம். சிலர் இரண்டு வாரம் கழித்து எதுவுமே நடக்காதது போல மறுபடியும் “இப்போ பேசலாமா?” என்று வருவார்கள், அப்போது முந்தைய கதையைக் கிளறாமல் மறுபடியும் இரண்டு நேரங்களை அனுப்புங்கள்.